சாயங்காலம் ஆனால் கனக்கும் விதைப்பை: வெரிகோசீலுக்கு ஆபரேஷனா, காயிலா, காத்திருப்பதா?

காலையில் ஒன்றும் தெரியாது. கடை திறந்து, துணி எடுத்துப் போட்டு, மதியச் சாப்பாடு வரைக்கும் அந்த நினைப்பே வராது. நான்கு மணி தாண்டினால் இடது பக்க விதைப்பையில் ஒரு கனம் ஆரம்பிக்கும். குத்தலும் இல்லை, எரிச்சலும் இல்லை, கீழ்நோக்கி இழுக்கிற மந்தமான பாரம் மட்டும்தான். ஏழு, எட்டு மணிக்கு அதன் உச்சம். வீட்டுக்குப் போய்ப் பாயில் அரை மணி நேரம் மல்லாந்து படுத்தால் போய்விடும். மறுநாள் திரும்பவும் அதே கதை.

மதுரையில் சிறுநீரகவியல் ஓ.பி.யில் உட்காருகிற எனக்கு இந்த வர்ணனை மனப்பாடம். சொல்பவர்கள் பெரும்பாலும் நின்றபடி வேலை பார்க்கிறவர்கள். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் நிற்கும் பையன்கள், கல்லுக்கு முன்னால் நிற்கும் பரோட்டா மாஸ்டர்கள், மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர்கள், டவுன் பஸ் நடத்துநர்கள். என்னிடம் வருவதற்குள் கையில் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கும். அதில் ‘இடது பக்க வெரிகோசீல், கிரேடு 2’, அதாவது விதைப்பையில் சிரை வீங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கும். கூடவே மூன்று பேர் சொன்ன மூன்று யோசனைகளும் இருக்கும். ஒருவர் உடனே ஆபரேஷன் என்றிருப்பார். இன்னொருவர் கத்தியே வேண்டாம், சிரைக்குள் உலோகச் சுருளான காயில் வைத்து அடைத்துவிடலாம் என்றிருப்பார். வீட்டில் பெரியவர்கள் உடம்புச் சூடு, தொப்புளில் விளக்கெண்ணெய் வை என்றிருப்பார்கள்.

இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஸ்கேனில் உள்ள கிரேடு பதில் சொல்லாது. உங்களுக்கு எது பிரச்சினை, வலியா, குழந்தையா என்ற கேள்விதான் பதில் சொல்லும். இரண்டுக்கும் வழி வேறு, அவசரமும் வேறு. ஒன்றுக்காக வந்தவருக்கு மற்றதன் பயத்தைக் காட்டி ஆபரேஷன் செய்வது இந்த ஊரில் நடக்கிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில், ஏன் சாயங்காலம் என்று பார்ப்போம். விதையிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரைகள் மெல்லிய பின்னலாகக் கிளம்பி, தொடை இடுக்கு வழியாக வயிற்றுக்குள் ஏறுகின்றன. வலது பக்கச் சிரை, உடலின் பெரிய சிரையில் சாய்வாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இடது பக்கச் சிரைக்குப் பாதை நீளம். அது சிறுநீரகம் வரை ஏறி, சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய் முட்டுகிறது. அந்தச் சிறுநீரகச் சிரையோ இரண்டு தமனிகளுக்கு நடுவே நெருக்கப்பட்டு வருவது. இதனால் இடது பக்கத்தில் அழுத்தம் எப்போதும் கூடுதல். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் சரியாக மூடாதபோது, நிற்கும் நேரமெல்லாம் இரத்தம் மேலே போகாமல் கீழே திரும்பி வந்து தேங்குகிறது. பின்னல் வீங்குகிறது. பகல் முழுக்க நின்றால் சாயங்காலத்தில் அது நிறைந்திருக்கும். படுத்தால் தேங்கிய இரத்தம் தானாக வடிந்துவிடும். வெரிகோசீல் என்பது இவ்வளவுதான். காலில் நரம்பு சுருட்டிக்கொள்கிறது என்று சொல்வோமே, அதே கோளாறு விதைப்பையில் வந்தால் இந்தப் பெயர். பத்தில் ஒன்பது பேருக்கு இடது பக்கம் வருவதற்கும் மேலே சொன்ன அமைப்புதான் காரணம்.

இது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. விறைப்புக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ‘ஆண்மைக் குறைவு’ என்று போஸ்டர் ஒட்டி, லாட்ஜில் வைத்து வைத்தியம் பார்ப்பவர்கள் இரண்டையும் சேர்த்துப் பேசுவார்கள். நம்ப வேண்டாம். ஆண்களில் நூற்றில் பதினைந்து பேருக்கு வெரிகோசீல் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு வலியே வராது, குழந்தையும் பிறந்திருக்கும், தங்களுக்கு இது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிப்பார்கள்.

அந்தப் பதினைந்து என்ற எண்ணில் ஒரு சிக்கலும் இருக்கிறது. வெரிகோசீல் இவ்வளவு சாதாரணமாக இருப்பதால், வேறு காரணத்தால் வலிக்கிற ஒருவருக்கும் ஸ்கேனில் இது தற்செயலாகத் தென்படலாம். சிறுநீர்க் குழாயில் இறங்கும் கல், ஆரம்பநிலைக் குடலிறக்கம், முதுகுத்தண்டில் அழுந்தும் நரம்பு, விதைக்குப் பின்னால் இருக்கும் குழாயில் கிருமித்தொற்று, எல்லாமே விதைப்பையில் வலி காட்டும். அந்த வலிக்கு வெரிகோசீல் ஆபரேஷன் செய்தால் தழும்பு மிச்சம், வலியும் மிச்சம். ஆகவே சிகிச்சைகளை ஒப்பிடுவதற்கு முன்னால், வலி இதனுடையதுதானா என்று உறுதி செய்ய வேண்டும்.

அதற்கான சோதனையைப் பாதி நீங்களே வீட்டில் செய்யலாம். வெரிகோசீல் வலி மந்தமானது. நின்றால், தூக்கினால், வெயிலில் அலைந்தால் கூடும். படுத்தால் குறையும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் படுத்திருந்த அன்று அநேகமாக வராது. சுருக்கென்று குத்துகிற வலி, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, தொடைக்கோ முதுகுக்கோ ஓடுகிற வலி என்றால் வேறு காரணத்தைத்தான் முதலில் தேட வேண்டும்.

மீதிப் பாதி மருத்துவரின் கையில். நிற்கவைத்துப் பார்க்காத பரிசோதனை இதற்குப் பரிசோதனையே அல்ல. ஏ.சி. குளிரில் விதைப்பை சுருங்கிவிடும், அதனால் அறை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். நின்றபடி, மூச்சை அடக்கி, மலம் கழிக்க முக்குவதுபோல முக்கச் சொல்வோம். விதைக்கு மேலே விரல் வைத்தால், மண்புழுக்களைப் பையில் கட்டி வைத்ததுபோல நெளிநெளியாகத் தட்டுப்படும். முக்கும்போது மட்டும் தட்டுப்பட்டால் கிரேடு 1, சும்மா நின்றாலே தட்டுப்பட்டால் 2, தொடாமலே கண்ணுக்குத் தெரிந்தால் 3. பிறகு படுக்கச் சொல்வோம். படுத்ததும் அந்த நெளிவு வடிந்து காணாமல் போக வேண்டும். கையில் சிக்காமல், இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் மட்டும் தெரிகிற வெரிகோசீலும் உண்டு. அதற்கு ஆபரேஷன் தேவையில்லை. அதைச் சரிசெய்வதால் விந்தணுவுக்கு நன்மை இருப்பதாக நிரூபணம் இல்லை. வலிக்கும் அதைக் காரணமாகச் சொல்வது கடினம்.

சில அறிகுறிகள் இருந்தால் இந்த ஒப்பீட்டை அப்படியே மூடி வைத்துவிடுங்கள். திடீரென்று கடுமையான வலி, வாந்தி, விதை மேலே ஏறிக்கொண்டது போன்ற உணர்வு என்றால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் அவிழ்க்காவிட்டால் விதையையே இழக்க நேரும். அது நடுராத்திரியானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டிய விஷயம். காய்ச்சலோடு வீக்கம், சிவப்பு என்றால் தொற்று. விதையிலேயே கல் மாதிரி கெட்டியான கட்டி தட்டுப்பட்டால், வலியே இல்லாவிட்டாலும், அதே வாரத்தில் காட்ட வேண்டும். நடுத்தர வயதுக்குப் பிறகு புதிதாக வந்த வெரிகோசீல், படுத்தாலும் வடியாத வெரிகோசீல், வலது பக்கம் மட்டும் திடுமென்று பெரிதான வெரிகோசீல், இந்த மூன்றிலும் சிறுநீரகத்தில் கட்டி ஏதாவது சிரையை அடைக்கிறதா என்று வயிற்றையும் சேர்த்து ஸ்கேன் செய்ய வேண்டும்.

இதெல்லாம் இல்லை, வலி இதனுடையதுதான் என்று தெளிவான பிறகு மூன்று வழிகள் இருக்கின்றன. ஆபரேஷன் இல்லாமல் பார்ப்பது, ஆபரேஷன், சிரையைக் காயில் வைத்து அடைப்பது.

ஆபரேஷன் இல்லாத வழியைப் பலரும் ‘சும்மா இருப்பது’ என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை, அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். முக்கியமான விஷயம் தாங்கல். தொளதொளவென்ற பாக்ஸர், அல்லது கைலிக்குள் ஒன்றுமே போடாமல் இருப்பது என்றால், விதைப்பை பகல் முழுக்கத் தொங்கும், சிரைகள் இழுபடும். இறுக்கிப் பிடிக்காத, ஆனால் மேலே தூக்கி நிறுத்துகிற பருத்தி ஜட்டி, அல்லது மெடிக்கல் ஷாப்பில் ஸ்க்ரோட்டல் சப்போர்ட் என்று கேட்டால் தருகிற தாங்கு கச்சை போதும். அதைக் காலையில் வேலைக்குப் போகும்போதே போட வேண்டும். வலி வந்த பிறகு சாயங்காலம் போட்டால் தேங்கிய இரத்தம் தேங்கியபடியே இருக்கும். இரவில் கழற்றிவிடலாம். வீட்டில் கோமணமோ லங்கோடோ கட்டுகிற பழக்கமுள்ளவர்களுக்கு அதுவும் இதே வேலையைச் செய்யும், சதையில் பதியும்படி இறுக்காமல் கட்டினால் சரி.

அடுத்தது, நிற்கும் நேரத்தை உடைப்பது. மணிக்கொரு தடவை ஐந்து பத்து நிமிடம் உட்கார்ந்தால்கூட சாயங்காலக் கனம் குறைவதை என் நோயாளிகள் சொல்கிறார்கள். முதலாளி விடமாட்டார் என்பார்கள். 2021இல் தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை வைக்க வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ள முடிய வேண்டும் என்று அது சொல்கிறது. நாற்காலி கேட்பது சலுகை இல்லை, உரிமை. கேட்கத் தயங்குகிறவர்களுக்கு, நீண்ட நேரம் நிற்கக் கூடாது என்று சீட்டில் நானே எழுதிக் கொடுப்பேன். அதைக் காட்டுவது அவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது.

மலச்சிக்கல் இருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும். முக்குகிற ஒவ்வொரு முறையும் சிரைக்குள் அழுத்தம் ஏறும். வலி கூடுதலான நாட்களில் பாராசிட்டமால் போடலாம். டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை மருத்துவர் சொன்ன சில நாட்களுக்கு மட்டும் போடுங்கள். கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் வால்வு பழுதான சிரை அதனால் சுருங்காது.

இந்த வழியை ஆறு வாரமாவது, முடிந்தால் மூன்று மாதம் கடைப்பிடித்துப் பார்க்க வேண்டும். வீங்கிய சிரை இதனால் மறையாது, ஸ்கேன் எடுத்தால் கிரேடு அப்படியேதான் இருக்கும். ஆனால் நமக்கு வேண்டியது சாயங்காலம் நிம்மதியாக இருப்பது. அது கிடைத்துவிட்டால், குழந்தைப் பிரச்சினையும் இல்லையென்றால், ஆபரேஷனைப் பற்றிப் பேசவே தேவையில்லை. இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை.

அது போதாதவர்களுக்கு ஆபரேஷன். இங்கே ‘வெரிகோசீல் ஆபரேஷன்’ என்று ஒரே பெயரில் சொன்னாலும், செய்யும் முறைகள் வேறு வேறு. எல்லாவற்றிலும் கெட்ட சிரைகளைக் கட்டி அடைப்பதுதான் வேலை. எந்த இடத்தில், எவ்வளவு தெளிவாகப் பார்த்துக் கட்டுகிறார்கள் என்பதில்தான் பலன் மாறுகிறது.

மைக்ரோஸ்கோப் முறையில் தொடை இடுக்குக்குச் சற்றுக் கீழே இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கீறல் போதும். தசையை வெட்ட வேண்டியதில்லை. விதைக்குப் போகும் தண்டை வெளியே எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் பெரிதாக்கிப் பார்த்து, வீங்கிய சிரைகளை ஒவ்வொன்றாகக் கட்டுவார்கள். அதே தண்டுக்குள், அந்தச் சிரைகளோடு ஒட்டிக்கொண்டு, விதைக்கு இரத்தம் கொண்டுவரும் தமனி ஒன்று ஓடுகிறது. நூல் கனமே உள்ள குழாய் அது. கூடவே நிணநீர்க் குழாய்களும் இருக்கின்றன. இவை கண்ணாடித் துண்டுபோலத் தெளிந்திருப்பதால் வெறும் கண்ணுக்குத் தப்பிவிடும். தமனியைக் கட்டிவிட்டால் விதை சுருங்கக்கூடும். நிணநீர்க் குழாய்களைக் கட்டிவிட்டால் விதையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும். சிரை ஒன்றைத் தவறவிட்டால் வெரிகோசீல் திரும்ப வரும். மைக்ரோஸ்கோப் தேவைப்படுவது இந்த மூன்றுக்காகத்தான். இந்த முறையில் திரும்ப வருவது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு, நீர் கோப்பது அதைவிடவும் குறைவு. எல்லாச் சிரையையும் கட்டிவிட்டால் இரத்தம் எப்படித் திரும்பும் என்று கேட்பார்கள். விந்துக்குழாயோடு போகும் சிரைகளைத் தொடாமல் விட்டுவிடுவோம், அவை அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

லேப்ராஸ்கோப்பி முறையில் வயிற்றில் மூன்று துளை போட்டு உள்ளே மேல்பகுதியில் கட்டுவார்கள். அங்கே சிரைகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் வேலை சீக்கிரம் முடியும், இரண்டு பக்கமும் இருந்தால் அதே துளைகள் போதும். ஆனால் முழு மயக்கம் தேவை. நிணநீர்க் குழாய்களும் சேர்த்துக் கட்டப்படும் வாய்ப்பு அதிகம். வெளிப்புறமாக வந்து சேரும் சிரைகள் இந்த இடத்தில் கைக்கு எட்டாது. எனவே நீர் கோப்பதும் திரும்ப வருவதும் மைக்ரோஸ்கோப் முறையைவிட இதில் கூடுதல். மைக்ரோஸ்கோப் இல்லாமல் மேலே கீறிச் செய்யும் பழைய திறந்த முறையில் இந்த இரண்டும் இன்னும் கூடுதல். மைக்ரோஸ்கோப்பில் பழகிய கை கிடைக்கும்போது பழைய முறைக்குச் சம்மதிக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வழி, காயில். இதைச் செய்பவர் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி சிரைக்குள் குழாய் விடும் அறையான காத் லேப் உள்ள பெரிய மருத்துவமனையில்தான் முடியும். தொடைச் சிரையிலோ கழுத்துச் சிரையிலோ மெல்லிய குழாயை விட்டு, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி இடது விதைச் சிரைக்குள் நுழைந்து, உலோகக் காயில்களாலும் சிரையைச் சுருங்கவைக்கும் மருந்தாலும் அடைத்துவிடுவார்கள். கீறல் இல்லை, தையல் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டாலே போதும். அன்றைக்கே வீடு. இரண்டு மூன்று நாளில் வேலை. விதையின் பக்கமே போகாததால் தமனிக்கும் ஆபத்தில்லை, நீரும் கோக்காது.

குறை என்னவென்றால், சிலருக்குச் சிரையின் வளைவு காரணமாகக் குழாய் உள்ளே நுழையாமல், பாதியில் விட்டுவிட வேண்டியிருக்கும். வலது பக்கத்தில் இது கூடுதலாக நடக்கும். திரும்ப வருவதும் மைக்ரோஸ்கோப் முறையைவிட அதிகம். கொஞ்சம் எக்ஸ்ரே கதிர்வீச்சு உண்டு. காயில்களின் விலை தனியாகச் சேர்வதால் பில் ஏறும். தினக்கூலிக்காரருக்குச் சீக்கிரம் வேலைக்குத் திரும்புவது அந்த விலைக்கு ஈடாகலாம், அது அவரவர் கணக்கு. ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் நான் இதையே முதலில் சொல்வேன். ஏற்கெனவே ஆபரேஷன் செய்து திரும்ப வந்தவருக்கு, தழும்புக்குள் மறுபடி நுழைவதைவிட, உள்ளிருந்து எந்தச் சிரை தப்பியது என்று சாயம் செலுத்திப் பார்த்து அடைப்பது நல்லது.

இதையெல்லாம் ஒருவரை வைத்துப் பார்ப்போம். 28 வயது, ஜவுளிக்கடை வேலை, திருமணமாகி ஒன்றரை வருடம். எட்டு மாதமாகச் சாயங்காலக் கனம். கிரேடு 2, இடது பக்கம், படுத்தால் வடிகிறது. மனைவியோடு வந்திருக்கிறார். வலியைப் பற்றி மட்டும் பேசுகிறார். “நின்னு நின்னு இழுத்துப் புடிக்குது சார், கடையில ஒக்கார விடமாட்டேங்குறாங்க” என்கிறார். குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்களா என்று கேட்டால் மனைவிதான் மெதுவாக, “ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுங்க சார்” என்று சொல்கிறார். இந்தக் கேள்வியைக் கேட்காமல் இந்த நோய்க்கு முடிவெடுக்கவே முடியாது.

ஆகவே இவருக்குத் தாங்கு கச்சை, உட்காரச் சொல்லும் சீட்டு எல்லாம் அன்றே உண்டு. கூடவே விந்துப் பரிசோதனை. அதற்கு இரண்டு முதல் ஏழு நாள் வரை விந்து வெளியேறாமல் இருந்திருக்க வேண்டும். சாம்பிளை லேபிலேயே எடுப்பது நல்லது. வீட்டில் எடுத்தால் உடம்புச் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். திருமங்கலத்திலிருந்து பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்த சாம்பிளின் ரிப்போர்ட்டை வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது. ஒரே பரிசோதனையும் போதாது. விந்தணு எண்ணிக்கை ஒரே ஆளுக்கே வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். காய்ச்சல் வந்திருந்தால் அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் வரைக்கும் குறைந்து காட்டும். அதனால் சில வாரம் இடைவெளி விட்டு இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

இவருடைய இரண்டு ரிப்போர்ட்டும் நன்றாக வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிக்கு 3 கோடி அணுக்கள், பாதிக்கு மேல் நகர்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அளவுகோலில் கீழ் எல்லை மில்லிக்கு 1.6 கோடி, நகர்வு 42 சதவீதம். அதற்கு மேலே இருக்கிறார். அப்படியானால் குழந்தை தாமதமாவதற்கு வெரிகோசீலைக் காரணமாகச் சொல்ல முடியாது. மனைவிக்கான பரிசோதனைகள் தொடர வேண்டும். இவருக்கு வலி மட்டும்தான் கேள்வி. மூன்று மாதம் தாங்கல் போட்டுப் பார்த்து, குறைந்தால் அதோடு சரி. குறையாமல் வேலையைக் கெடுக்கும் அளவுக்கு இருந்தால் மைக்ரோஸ்கோப் ஆபரேஷன். இவருடையது மந்தமான வலி, பல மாதமாக இருப்பது, நின்றால் கூடுவது. இப்படிப்பட்டவர்களில் பத்தில் எட்டுப் பேருக்காவது வலி முழுதாகப் போகும் அல்லது நன்றாகக் குறையும். மீதி இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதையும் கையெழுத்து வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இப்போது ரிப்போர்ட்டுகள் வேறு மாதிரி வந்தன என்று வைத்துக்கொள்வோம். மில்லிக்கு 90 லட்சம், இரண்டாவது தடவை 1.1 கோடி. நகர்வு இரண்டிலும் முப்பது சதவீதத்துக்குக் கீழே. மனைவிக்கு 26 வயது, மாதவிடாய் சரியாக வருகிறது, கருக்குழாயில் அடைப்பு இல்லை. இங்கே என் யோசனை மாறிவிடும். கையில் தட்டுப்படும் வெரிகோசீல், குறைந்த விந்தணு, குழந்தைக்காக ஒரு வருடம், மூன்றும் சேர்ந்துவிட்டன. வலி தாங்கலில் குறைந்தாலும்கூட ஆபரேஷன் செய்வதற்கு நியாயம் இருக்கிறது. தேங்கிய இரத்தம் விதையின் வெப்பத்தைக் கூட்டுகிறது. விந்தணு உருவாக உடம்பைவிடச் சற்றுக் குறைந்த வெப்பம் தேவை. 2011இல் சவூதி அரேபியாவிலிருந்து வெளியான ஒரு ஆய்வில், இப்படிப்பட்ட தம்பதிகளைச் சீட்டுக் குலுக்கும் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஆபரேஷன் செய்தவர்களில் ஒரு வருடத்துக்குள் மூன்றில் ஒரு ஜோடிக்கு இயற்கையாகக் கரு தரித்தது. செய்யாதவர்களில் ஏழில் ஒரு ஜோடிக்கு. வித்தியாசம் உண்மையானது. ஆனால் மூன்றில் இரண்டு பேருக்கு ஆபரேஷனுக்குப் பிறகும் ஒரு வருடத்துக்குள் தரிக்கவில்லை என்பதையும் அதே கணக்கு சொல்கிறது.

மனைவிக்கு 37, 38 வயது என்றால் அந்தக் காத்திருப்பே நஷ்டமாகிவிடும். ஒரு விந்தணு உருவாகி முடிய இரண்டரை மாதம் ஆகும். ஆபரேஷனின் பலன் ரிப்போர்ட்டில் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். அந்த வயதில் கருத்தரிப்பு சிகிச்சை மருத்துவரோடு உட்கார்ந்து, எதை முதலில் செய்வது என்று சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். சில ஜோடிகளுக்கு நேராக ஐ.வி.எஃப். போவதே சரி.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது அறுவை செய்பவரிடம் நேரடியாகக் கேளுங்கள். மைக்ரோஸ்கோப்பிலா செய்கிறீர்கள், அல்லது கண்ணில் மாட்டும் பெரிதாக்கும் கண்ணாடியிலா? தமனியைக் கண்டுபிடிக்க டாப்ளர் கருவி வைத்திருக்கிறீர்களா? இதற்குச் சங்கடமில்லாமல் பதில் சொல்பவரிடம் போங்கள். மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே சிறுநீரகவியல் துறை இருக்கிறது. ஆபரேஷனுக்கு அவசரமே இல்லாத நோய் இது, எனவே முதல் ரிப்போர்ட் கிடைத்த மறுநாளே தனியாரிடம் கடன் வாங்கிச் சேர வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டு இரண்டாவது கருத்து கேட்டுவிட்டு முடிவெடுக்க நேரம் இருக்கிறது. தனியாரிடம் செய்வதானால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் தங்களுக்குச் சொல்லப்பட்ட முறை அதில் வருமா என்று காப்பீட்டு மேசையில் முதலிலேயே கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் முடிந்தபின் மறுநாள் வீட்டுக்குப் போகலாம். ஒரு வாரம் நீலம் பாரித்திருக்கும், லேசான வீக்கமும் இருக்கும். அப்போதும் தாங்கு கச்சை வேண்டும். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு ஒரு வாரத்தில் போகலாம். மூட்டை தூக்குவது, சைக்கிள், மோட்டார் சைக்கிள் எல்லாம் மூன்று நான்கு வாரம் கழித்து. கட்டப்பட்ட சிரைகளில் இரத்தம் உறைந்து கயிறு கயிறாகக் கையில் தட்டுப்படும். ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று பயந்து பத்தாம் நாள் ஓடி வருவார்கள். அது தோல்வி இல்லை, சில மாதத்தில் கரையும். கவலைப்பட வேண்டியது வேறு. முதல் சில நாட்களில் காய்ச்சல், காயத்தில் சீழ், மளமளவென்று பெரிதாகும் வீக்கம் வந்தால் அன்றே திரும்ப வர வேண்டும். சில மாதம் கழித்து வலியில்லாமல் விதைப்பை ஒரு பக்கம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனால் நீர் கோத்திருக்கலாம். விதை மறுபக்கத்தைவிடச் சிறிதாகிக்கொண்டே வந்தால் தமனி பாதிக்கப்பட்டிருக்கலாம், இது அரிது. நின்றால் கனம், படுத்தால் நிம்மதி என்ற பழைய கணக்கே திரும்பினால் ஏதோ ஒரு சிரை தப்பியிருக்கிறது என்று பொருள். மூன்றாம் மாதம் நின்றபடி பரிசோதனையும், தேவைப்பட்டால் டாப்ளரும், குழந்தைக்காகச் செய்தவர் என்றால் அன்றும் ஆறாம் மாதமும் விந்துப் பரிசோதனையும் செய்ய வேண்டும். வலி குறைந்துவிட்டது என்று அந்த மூன்றாம் மாத வருகையைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். தையல் பிரிக்கும் அன்றே அந்தத் தேதியைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.